ஒரு தளத்துக்கு 1.8 × 1.5 மீட்டர் டெலிகாம் அறை போதுமா? (உம்லாங்கா, நாலு மாடி அலுவலகம்)

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 3, இரவு 9:40

டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் நாலு மாடி அலுவலகக் கட்டடம், தளத்துக்கு 900 சதுர மீட்டர். நான் உரிமையாளர் தரப்பில் வேலை பார்க்கிறேன், கேபிள் என் படிப்பு இல்லை. நெட்வொர்க் கேபிளெல்லாம் வந்து சேர ஆர்க்கிடெக்ட் ஒவ்வொரு தளத்திலும் தெற்குக் கோடியில் படிக்கட்டை ஒட்டி 1.8 × 1.5 மீட்டர் அறை ஒன்று கொடுத்திருக்கிறார். கதவுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, அறையிலிருந்து தாழ்வாரக் கூரை வழியாகக் கேபிள் போக 300 × 50 மி.மீ. பாஸ்கெட் ட்ரே. "இப்போதெல்லாம் எல்லாம் வைஃபைதானே, இதுவே அதிகம்" என்கிறார். வெள்ளிக்கிழமை வரைபடத்தில் கையெழுத்து. சரியா, தவறா?

ரைசர்காரர் — பிப்ரவரி 3, இரவு 10:15

தவறு. எவ்வளவு தவறு என்று சொல்ல மூன்று விவரம் வேண்டும். தளத்தின் நீள அகலம், ஒரு தளத்துக்கு எத்தனை கேபிள், எந்த வகைக் கேபிள்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரர் — பிப்ரவரி 4, காலை 6:50

என் கடையில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு அலமாரி. அதில் எட்டு கேமராவின் ரெக்கார்டர், ரூட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இருக்கிறது. நாலு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. கதவில் ஓட்டை போட்டேன், அவ்வளவுதான். அக்கா, இவர்கள் சொல்வதைக் கேட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள்.

காற்று வேலை — பிப்ரவரி 4, காலை 8:05

ஏர்கான் வடிவமைப்பு என் தொழில். விசிறியெல்லாம் பேச்சுக்கே இல்லை. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் 48 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் ஒன்றில் 1,100 வாட் சப்ளை இருக்கும். 900 சதுர மீட்டருக்கு ஐந்து ஸ்விட்ச் என்று வையுங்கள், 5.5 கிலோவாட். ஒவ்வொரு தளத்திலும் 24,000 பிடியு ஸ்ப்ளிட் போடச் சொல்லுங்கள்.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 4, பிற்பகல் 1:20

விவரம் இதோ. தளம் 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், நடுவில் தாழ்வாரம். இருக்கை 90, இருக்கைக்கு இரண்டு கேபிள், ஆக 180. வைஃபை கருவி 10, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கேமரா 12, கதவுக் கட்டுப்பாடு 4, பிரிண்டரும் திரையும் சேர்த்து 4. மொத்தம் 220. முதல் வரைபடத்தில் கேட் 6 என்று இருந்தது. டிசம்பரில் ஐடி ஆள் கேட் 6ஏ என்று மாற்றினார். ட்ரே அளவு மட்டும் மாறவில்லை, இன்றுதான் கவனித்தேன்.

ரைசர்காரர் — பிப்ரவரி 4, மாலை 7:30

நல்லது, இப்போது பேசலாம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ட்ரே. கேட் 6 கேபிளின் விட்டம் சுமார் 6 மி.மீ., குறுக்குப் பரப்பு 28 ச.மி.மீ. 6ஏ சுமார் 7.5 மி.மீ., பரப்பு 44. விட்டத்தில் ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம், பரப்பிலோ ஒன்றரை மடங்குக்கு மேல். உங்கள் ட்ரே 300 × 50, அதாவது 15,000 ச.மி.மீ. அறை கோடியில் இருப்பதால் 220 கேபிளும் ஒரே வாயில் வெளியே வருகின்றன. கேட் 6 என்றால் 6,160, அதாவது 41 சதவீதம். நெருக்கடிதான், ஆனாலும் ஏறிவிடும். 6ஏ என்றால் 9,680, அதாவது 65 சதவீதம்.

மீதி 35 சதவீதம் காலியாக இருக்கிறதே என்று ஆர்க்கிடெக்ட் கேட்பார். உருண்டைக் கேபிள்கள் ஒழுங்காக அடங்குவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். கணக்கில் 50 சதவீதம் ஆகும்போதே கண்ணுக்கு ட்ரே நிரம்பிவிடும், அதனால்தான் டிஐஏ-569 என்ற அமெரிக்கத் தரநிலை அந்த இடத்தில் கோடு போடுகிறது. முதல் நாள் 25 சதவீதத்தில் தொடங்குவது நல்ல வழக்கம். 65 என்றால் கேபிள்கள் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும். அப்புறம் ஸ்ப்ரிங்க்ளர் குழாய்க்காரர் வந்து அதன்மேல் காலை வைப்பார்.

அடுத்தது நீளம். ரேக்கிலிருந்து கடைசி மூலை இருக்கை வரை கணக்குப் போடுவோம். அறையிலிருந்து தாழ்வாரத்துக்கு 7.5, தாழ்வாரத்தில் 60, அங்கிருந்து சுவர்வரை 7.5, மேலே ஏறிக் கீழே இறங்க 6, ரேக் பக்கத்தில் விடும் தளர்வு 3. மொத்தம் 84 மீட்டர். நிரந்தர இணைப்புக்கு வரம்பு 90. தாளில் பாஸ். ஆனால் ட்ரே லிஃப்ட் கூண்டைச் சுற்றிப் போக வேண்டி வந்தால் அந்த 6 மீட்டர் போய்விடும். இன்னொன்று, இந்த 90 மீட்டர் 20 டிகிரி வெப்பத்துக்கு. கவசமில்லாத கேபிளில் டிகிரிக்கு 0.4 சதவீதம் இழப்பு கூடும். மேல் தளத்தின் கூரை இடுக்கில் பிப்ரவரி மாதம் 40 டிகிரி இருந்தால் 90 என்பது 83 ஆகிவிடும். உங்கள் 84 மீட்டர் கேபிள் ஜூலையில் சோதித்தால் பாஸ், கோடையில் பிழை எண்ணிக்கை ஏறும். காரணமே தெரியாமல் ஸ்விட்சை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அதே அறையைத் தளத்தின் நடுவில் வையுங்கள். தாழ்வாரத்தில் 60 மீட்டர் 30 ஆகிறது, மொத்தம் 54. கேபிள் இரண்டு பக்கம் பிரிகிறது, பக்கத்துக்கு 110, அதாவது 4,840 ச.மி.மீ. அதே 300 × 50 ட்ரேயில் 32 சதவீதம். 400 அகலம் போட்டால் 24. மொத்தத்தில் சுமார் 6 கிலோமீட்டர் கேபிள் மிச்சமாகும், ஒரு தளத்தில் மட்டும். இதை உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 4, இரவு 8:10

6 கிலோமீட்டரா? எப்படி?

ரைசர்காரர் — பிப்ரவரி 4, இரவு 8:25

அறை கோடியில் இருந்தால் தாழ்வாரத்தில் ஒரு கேபிள் ஓடும் சராசரித் தூரம் 30 மீட்டர். நடுவில் இருந்தால் 15. கேபிளுக்கு 15 மீட்டர் மிச்சம், அதை 220-ஆல் பெருக்கினால் 3,300. அவசரத்தில் கடைசி இருக்கையின் வித்தியாசத்தை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன். 3.3 கிலோமீட்டர் என்று திருத்திக்கொள்ளுங்கள். 305 மீட்டர் பெட்டிக் கணக்கில் தளத்துக்குப் பத்துப் பதினொரு பெட்டி. நாலு தளத்துக்கும் பெருக்கிப் பாருங்கள்.

கேப் டவுன் நெட்வொர்க் — பிப்ரவரி 5, காலை 10:00

நாலு அறை எதற்கு? இரண்டு தளத்துக்கு ஒரு அறை போதும். இரண்டாம் தளத்தில் நல்ல பெரிய அறையாக ஒன்று வைத்து, முதல் தளக் கேபிளைத் துளை வழியாக மேலே ஏற்றுங்கள். ஸ்விட்ச், யுபிஎஸ், ஏர்கான் எல்லாம் பாதி. நாங்கள் இங்கே அப்படித்தான் செய்தோம்.

ரைசர்காரர் — பிப்ரவரி 5, காலை 11:35

தம்பி, யோசனை கெட்டதில்லை. 54 மீட்டரோடு ஒரு தள உயரம் 4 சேர்த்தாலும் 58, நீளத்தில் தகராறு இல்லை. தகராறு துளையில். துளையில் பதிக்கும் குழாய்தான் ஸ்லீவ். 100 மி.மீ. ஸ்லீவின் உள்பரப்பு 7,850 ச.மி.மீ., அதில் 40 சதவீதம்தான் நிரப்பலாம், அதாவது 6ஏ கேபிள் 71. 220 கேபிளுக்கு மூன்று ஸ்லீவ் நிரம்பி, நாலாவதும் வேண்டும். உபரியாக ஒன்று விட்டால் ஐந்து. தளத்துக்கு ஒரு அறை என்றால் மேலே போவது நார்க்கேபிள் இரண்டு மூன்றுதான். அதற்கும் வழக்கமாக மூன்று நாலு ஸ்லீவ் விடுவோம், ஆனால் அவை பல வருஷம் காலியாகவே கிடக்கும்.

ஸ்லாபில் ஐந்து துளை என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இப்போதே சொல்ல வேண்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு கோர் அடித்தால் எந்தக் கம்பியில் படும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு துளையும் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும். புதுக் கேபிள் சேர்க்கும்போதெல்லாம் அதை உடைத்துத் திரும்ப அடைக்க வேண்டும். உடைப்பார்கள். அடைப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கேப் டவுன் நெட்வொர்க் — பிப்ரவரி 5, பிற்பகல் 12:10

எங்கள் தளம் 350 சதுர மீட்டர்தான், 70 கேபிள், ஒரே ஸ்லீவ். அதைச் சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் அளவுக்குப் பொருந்தாது. சின்னத் தளத்துக்கு இன்னும் நான் சொன்னதுதான் சரி.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 5, இரவு 9:00

அறை அளவுக்கு வருவோம். நடுவுக்கு மாற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவேளை ஒத்துக்கொள்வார், கழிப்பறைப் பக்கம் இடம் இருக்கிறது. ஆனால் 1.8 × 1.5-ஐ விட ஒரு அங்குலம் தர மாட்டேன் என்கிறார். என்ன சொல்லி வாங்குவது?

ரைசர்காரர் — பிப்ரவரி 5, இரவு 9:50

ரேக்கின் ஆழம் 1 மீட்டர். முன்னால் ஆள் நிற்க 1 மீட்டர், பின்னால் 1 மீட்டர். கூட்டினால் 3. டிஐஏ அட்டவணையில் 500, 800, 1,000 சதுர மீட்டர் மூன்றுக்கும் ஒரு பக்கம் 3.0 என்று இருக்கிறது. மறுபக்கம்தான் 2.2, 2.8, 3.4 என்று வளரும். உங்கள் 900-க்குப் புத்தகப்படி 3.0 × 3.4. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைக் கேட்டு, 3.0 × 2.8-இல் நிற்பேன். 220 கேபிளுக்கு 24 போர்ட் பேனல் பத்து, ஸ்விட்ச் ஐந்து, கேபிள் ஒதுக்கி, நார்ப்பெட்டி, யுபிஎஸ் எல்லாம் சேர்த்து ஒரு 42 யு ரேக்கில் முக்கால் பாகம் நிறையும். இரண்டாவது ரேக்குக்கு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். கேமரா ரெக்கார்டர், கதவுப் பேனல், ஃபைபர் நிறுவனத்தின் பெட்டி, எல்லாம் கடைசியில் உங்கள் அறைக்குத்தான் வந்து சேரும்.

1.8 ஆழத்தில் ரேக்கை வைத்தால் மிச்சம் 80 செ.மீ. பின்னால் போக வழியில்லை. கதவும் வெளியே திறந்தாக வேண்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். கழிப்பறைப் பக்கம் என்றீர்களே, தண்ணீர்க்குழாய் அறைச் சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ போகக் கூடாது. நாலு தளமும் சேரும் முதன்மை அறை எங்கே இருக்கிறது?

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 5, இரவு 10:05

அடித்தளக் கார் நிறுத்தத்தில்.

ரைசர்காரர் — பிப்ரவரி 5, இரவு 10:08

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அடித்தளத்திலா? தரைத்தளத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 6, காலை 7:15

சரி, அதை எழுதி அனுப்பிவிட்டேன். இப்போது வெப்பம். 24,000 பிடியு என்று கேட்டதும் உரிமையாளர் எழுந்து போய்விட்டார். உண்மையிலேயே 5.5 கிலோவாட்டா?

ரைசர்காரர் — பிப்ரவரி 6, காலை 8:40

இல்லை. பிஓஇ மின்சாரம் ஸ்விட்ச் வழியாகப் போகிறது, ஆனால் அறையில் தங்குவதில்லை. மேசைத் தொலைபேசியிலும் வைஃபை கருவியிலும் வெளிச்சுவர்க் கேமராவிலும் போய் அங்கே வெப்பமாகிறது. அதை அலுவலக ஏர்கான் பார்த்துக்கொள்ளும். 1,100 வாட் என்பது சப்ளையால் தர முடிந்த உச்சம்.

உங்கள் அறையில் தங்குவது இவ்வளவுதான். ஸ்விட்ச் தன் சொந்தச் செலவுக்கு ஒன்றுக்கு சுமார் 100 வாட், ஐந்துக்கு 500. வெளியே போகும் பிஓஇ: தொலைபேசி 60-க்கு 300, வைஃபை 150, கேமரா 100, மொத்தம் 550 என்று வையுங்கள். இந்த 1,050 வாட்டைத் தருவதில் சப்ளையின் இழப்பு பத்தில் ஒன்று, சுமார் 115. யுபிஎஸ் இழப்பு இன்னொரு 95. ஆக 710. ரெக்கார்டர் முதலான விருந்தாளிகளுக்கு 250 சேர்த்தால் ஒரு கிலோவாட்டை ஒட்டி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: கேபிளில் இழக்கும் வெப்பம் ட்ரேயில் தங்கும். அதனால் 24-க்கு மேல் ஒரே கட்டாக இறுக்கிக் கட்டாதீர்கள்.

காற்று வேலை — பிப்ரவரி 6, காலை 9:30

அண்ணே, பிஓஇ வெளியே போகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. பெயர்ப்பலகை வாட்டை அப்படியே போடுவதுதான் எங்கள் அலுவலக வழக்கம். ஒரு கிலோவாட் என்றால் 9,000 பிடியு போதும். அது மொத்தம் 2.6 கிலோவாட், காற்றைக் குளிர்விக்கும் பங்கு அதில் 1.9 அளவுக்கு வரும். 24,000 போட்டிருந்தால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும், ஈரத்தையும் எடுக்காது, கம்ப்ரசரும் சீக்கிரம் போகும்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. லோட்ஷெடிங். ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏர்கான் நின்றுவிடும். வெப்பம் அப்படியே இருக்கும். அப்போதுதான் அறை அளவு முக்கியமாகிறது. சாயங்காலம் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரர் — பிப்ரவரி 6, காலை 9:45

லோட்ஷெடிங்தான் முடிந்துவிட்டதே.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 6, காலை 9:52

2024 மார்ச் கடைசியில் நின்றது, பத்து மாதம் ஓய்வு. 2025 தொடக்கத்தில் மறுபடி வந்ததே அண்ணா. லோட்ஷெடிங் இல்லாவிட்டாலும் எங்கள் பகுதியில் துணைமின்நிலையக் கோளாறு வருகிறது. கட்டடம் முப்பது வருஷம் நிற்க வேண்டும்.

காற்று வேலை — பிப்ரவரி 6, மாலை 6:20

கணக்கு இதோ. 3.0 × 2.8 அறை, உயரம் 2.6. அதிலுள்ள காற்று 26 கிலோதான். ஒரு கிலோவாட் அந்தக் காற்றை மட்டும் சூடாக்கினால் நிமிஷத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். நல்லவேளை, சுவரும் ரேக் இரும்பும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் முதல் சில நிமிஷத்தில் ஒரு தாவல், அப்புறம் மெதுவான ஏற்றம்.

எங்கே போய் நிற்கும் என்பது சுவர்ப் பரப்பைப் பொறுத்தது. இந்த அறைக்குக் கூரை, தரை சேர்த்து 47 சதுர மீட்டர். ஜிப்சம் பலகைச் சுவர் சதுர மீட்டருக்கு டிகிரிக்கு ஏறக்குறைய 1.9 வாட் கடத்தும் என்று வைத்து எல்லாப் பக்கத்துக்கும் அதையே போட்டேன். வெளியே இருப்பதைவிட 11 டிகிரி கூடுதலில் சமநிலை வரும். ஏர்கான் நின்ற அலுவலகம் 28 என்றால் அறை 39.

1.8 × 1.5 அறைக்குப் பரப்பு 23-க்கும் கீழே. அதே கணக்கில் 23 டிகிரி கூடுதல். அறை 51. காற்றும் குறைவு என்பதால் சீக்கிரமே அங்கே போய்ச் சேரும். பல ஸ்விட்ச்களுக்கு இயங்கும் வரம்பே 45 டிகிரிதான். ஆர்க்கிடெக்டிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள்.

செங்கல் சுவர் என்றால் இன்னும் நல்லது. சூட்டை உள்வாங்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரத் தடையில் சமநிலைக்குப் போகும் முன்பே மின்சாரம் வந்துவிடும்.

ரைசர்காரர் — பிப்ரவரி 6, மாலை 6:55

இதை நான் இப்படி யோசித்ததில்லை, நன்றி தம்பி. ஆண்டுக்கணக்காக ரேக் ஆழத்தைச் சொல்லித்தான் இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். யுபிஎஸ் பேட்டரிக்கும் இதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும். சின்ன அறையில் ஸ்விட்சுக்கு முன்னால் பேட்டரிதான் உப்பும். மின்சாரம் போனதும் அரை மணி நிற்க வேண்டிய யுபிஎஸ் ஐந்து நிமிஷத்தில் விழுந்தால் முதலில் அறையின் வெப்பத்தைப் பாருங்கள்.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 6, இரவு 8:30

அப்படியென்றால் விசிறி? அதையாவது யுபிஎஸ்ஸில் ஓட்டலாமே, ஏர்கானை முடியாது.

காற்று வேலை — பிப்ரவரி 6, இரவு 9:10

நல்ல கேள்வி. ஒரு கிலோவாட்டை 6 டிகிரி ஏற்றத்தோடு வெளியேற்ற மணிக்கு 500 கன மீட்டர் காற்று வேண்டும். அலுவலகம் 24-இல் இருந்தால் அறை 30, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டட ஏர்கான் நின்று அலுவலகம் 31-க்குப் போனால் அறை 37. ஆகையால் விசிறி மட்டும் போதாது, ஏர்கானுக்குத் துணையாக வைக்கலாம். அறை வெப்பம் 32 தாண்டினால் ஓடும்படி தெர்மோஸ்டாட் போட்டு யுபிஎஸ்ஸில் கொடுங்கள். காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் கீழே ஒரு திறப்பு வேண்டும், வடிகட்டியோடு. சுவர் தீத்தடுப்புச் சுவர் என்றால் இரண்டு திறப்பிலும் ஃபயர் டாம்பர்.

ஏர்கானை 16-இல் வைக்காதீர்கள். டர்பன் கோடையில் வெளிக்காற்றின் பனிநிலை 20-ஐத் தாண்டும். குளிர்ந்த அறைச் சுவரின் வெளிப்பக்கம் வியர்க்கும், கதவு இடுக்கில் ஈரக்காற்று புகும். 24 போதும். ஏர்கானின் உள்பெட்டியை ரேக்குக்கு மேலே மாட்டவே கூடாது, வடிகுழாய் அடைத்தால் நேராக ஸ்விட்ச் தலையில் சொட்டும்.

ரைசர்காரர் — பிப்ரவரி 6, இரவு 9:25

விசிறியில் எனக்கு உடன்பாடில்லை. திறப்பு வைத்தால் தூசியும் உப்புக்காற்றும் வரும். கடல் அருகில் இருக்கிறது. வடிகட்டியை யார் மாற்றுவார்கள்? ஏர்கானை ஜெனரேட்டரில் கொடுங்கள், கதை முடிந்தது.

காற்று வேலை — பிப்ரவரி 6, இரவு 9:40

ஜெனரேட்டர் இருந்தால்.

உம்லாங்கா வாசகி — பிப்ரவரி 8, காலை 11:00

நேற்றுக் கூட்டம் முடிந்தது. கையெழுத்து அடுத்த வாரத்துக்குத் தள்ளியாயிற்று. அறை நடுவுக்கு வந்துவிட்டது. 3.3 கிலோமீட்டர் கேபிள் என்றதும் உரிமையாளரே அதைப் பேசி முடித்தார். அளவு 3.0 × 2.6, செங்கல் சுவர். 39-க்கும் 51-க்கும் ஆர்க்கிடெக்ட் பதில் சொல்லவில்லை, பேனாவை எடுத்து வரைந்துவிட்டார். ட்ரே 400 × 50. முதன்மை அறை தரைத்தளத்துக்கு வருகிறது, வாடகைக்கு விட இருந்த மூலை அது, அதனால் கொஞ்சம் சண்டை.

ஜெனரேட்டரில் லிஃப்டும் அவசர விளக்கும் பம்பும்தான் இருக்கின்றன. நாலு 9,000 பிடியு சேர்க்க இடம் உண்டா என்று எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் திங்கள்கிழமை சொல்வார். இல்லையென்றால் விசிறிதான். அண்ணா, உப்புக்காற்றுக்கு எந்த வடிகட்டி என்று நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரர் — பிப்ரவரி 8, பிற்பகல் 2:30

ஒரு சந்தேகம். என் இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு தடவை உப்பி மாற்றினேன். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அலமாரிக்குள் 38 டிகிரி காட்டுகிறது. பேட்டரியை மட்டும் வெளியே எடுத்து வைத்தால் போதுமா?

ரைசர்காரர் — பிப்ரவரி 8, பிற்பகல் 2:45

போதும் அண்ணே. தரையோடு, வெயில் படாத சுவர் ஓரம். வயர் நீளம் கூடினால் தடிமனையும் கூட்டுங்கள். பேட்டரி வோல்டேஜும் இன்வெர்ட்டர் வாட்டும் போடுங்கள், எவ்வளவு தடிமன் என்று சொல்கிறேன்.